வீடு தேடும்போது வாட்ஸ்அப்பில் எதை மேலே நிறுத்துவது, எதைக் குறித்துவைப்பது, எதை மறையவிடுவது

வாடகை வீடு தேட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே வாட்ஸ்அப் திரை கைமீறிப் போய்விடும். தரகர்கள் நாலைந்து பேர், வீட்டு உரிமையாளர்கள் சிலர், சாமான் ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர், இடையில் வழக்கம்போலக் குடும்பக் குழுவின் காலை வணக்கப் படங்கள். அட்வான்ஸ் தொகையை உரிமையாளர் எழுதிய செய்தி எங்கோ கீழே கிடக்கும். நீங்கள் அனுப்பிய ஆதார் நகல் யார் யார் ஃபோனில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

இதற்கு வாட்ஸ்அப்பிலேயே மூன்று வசதிகள் இருக்கின்றன. உரையாடலைப் பட்டியலின் உச்சியில் நிறுத்தலாம். ஒரு செய்திக்கு நட்சத்திரம் இடலாம். செய்திகள் தாமாகவே மறையும்படி செய்யலாம். முதல் இரண்டும் உங்கள் ஃபோனுக்குள்ளேயே முடிகிற வேலைகள், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. மூன்றாவது இரு தரப்பையும் பாதிக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு, சென்னையில் மாதம் 12,000 ரூபாய்க்கு வீடு பார்க்கிற ஒருவரின் ஃபோனை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம்.

மூன்று உரையாடல்களை மேலே நிறுத்துதல்

ஆண்ட்ராய்டு ஃபோனில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் உரையாடல்களின் பட்டியல் வரும். வேண்டிய பெயரின்மேல் விரலை வைத்து, எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். அந்த வரி தேர்வானதும் திரையின் மேல்பக்கம் சில சின்னங்கள் தோன்றும். அவற்றில் குண்டூசி போல இருப்பதைத் தொட்டால் அந்த உரையாடல் பட்டியலின் உச்சிக்குப் போய்விடும். ஐஃபோனில் பெயரை இடமிருந்து வலமாக இழுத்தால் Pin என்ற பொத்தான் வரும், அதைத் தொட வேண்டும். வேண்டாம் என்றால் அதே வழியில் போய் மறுபடி அதையே தொட்டால் எடுபட்டுவிடும்.

மூன்று உரையாடல்களைத்தான் இப்படி நிறுத்த முடியும். நான்காவதற்கு முயன்றால் முடியாது என்று திரையே சொல்லிவிடும். எந்த மூன்று என்பதில் பலரும் அம்மா, மனைவி, நெருங்கிய நண்பர் என்று போய்விடுகிறார்கள். அவர்களிடமிருந்து தினமும் செய்தி வருகிறது, எப்படியும் அவர்கள் மேலேதான் இருப்பார்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை மட்டும் பேசுகிற, ஆனால் பேசும்போது தவறவிடக் கூடாத ஆளுக்குத்தான் அந்த இடம் தேவை. நம் வீடு தேடுபவருக்கு அந்த மூவர், நம்பிக்கையான ஒரு தரகர், பேச்சு முற்றிய வீட்டின் உரிமையாளர், சாமான் வண்டிக்காரர். குடியேறிய மறுநாள் மூன்றையும் எடுத்துவிட்டு வேறு வேலைக்குக் கொடுத்துவிடலாம்.

மேலே நிறுத்தியதால் அறிவிப்பு ஒலி கூடுவதில்லை, ஒலி அடக்கி வைத்த உரையாடல் ஒலிக்கத் தொடங்குவதும் இல்லை. இடம் மட்டுமே மாறுகிறது. அந்த உரையாடலை Archive பகுதிக்கு அனுப்பினால் இந்த இடமும் போய்விடும்.

இதே குண்டூசிச் சின்னம் உரையாடலுக்கு உள்ளேயும் வரும். அங்கே அதன் குணம் வேறு. ஒரு செய்தியை அழுத்திப் பிடித்து, மூன்று புள்ளிப் பட்டியலில் Pin என்பதைத் தொட்டால், எவ்வளவு காலம் என்று கேட்கும்: 24 மணி நேரம், 7 நாள், 30 நாள். தேர்ந்தெடுத்ததும் அந்தச் செய்தி உரையாடலின் தலைப்பில் ஒரு பட்டையாக நிற்கும். இது உங்களுக்கு மட்டும் தெரிகிற ஏற்பாடு இல்லை. அந்த உரையாடலில் இருக்கிற அனைவருக்கும் தெரியும், யார் செய்தார் என்ற வரியும் வரும். வீடு மாறுகிற நாளில் குடும்பக் குழுவில் புது முகவரியை 24 மணி நேரத்துக்கு இப்படி நிறுத்தினால், ‘எந்தத் தெரு, எந்த மாடி’ என்று ஒவ்வொருவராகக் கேட்பது நிற்கும். உரிமையாளரின் அட்வான்ஸ் செய்தியை இப்படி அவர் கண்முன்னேயே தூக்கி நிறுத்துவது அவ்வளவு நாகரிகமாக இருக்காது. அதற்கு நட்சத்திரம்தான் சரி.

நட்சத்திரம் இடுதல்

உரிமையாளர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘வாடகை 12,000. அட்வான்ஸ் 60,000. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழித்துக்கொள்வேன். தண்ணீர்க் கட்டணம் தனி.’ பதினோரு மாத ஒப்பந்தம் போடும்போதும், பிறகு காலி செய்யும்போதும் தேவைப்படப்போகிற நான்கு வரிகள்.

அந்தச் செய்தியை அழுத்திப் பிடியுங்கள். மேலே வரும் சின்னங்களில் நட்சத்திரத்தைத் தொடுங்கள். ஐஃபோனில் அழுத்திப் பிடித்ததும் வருகிற பட்டியலில் Star என்று இருக்கும். செய்தியின் ஓரத்தில், நேரம் காட்டும் இடத்தை ஒட்டி, ஒரு சிறிய நட்சத்திரம் ஒட்டிக்கொள்ளும். உரிமையாளருக்கு இது தெரியாது, எந்த அறிவிப்பும் போகாது.

பிறகு தேடி எடுக்க இரண்டு வழிகள். எல்லா உரையாடல்களிலும் குறித்ததைச் சேர்த்துப் பார்க்க, ஆண்ட்ராய்டில் முதல் திரையின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் Starred என்று தொடங்கும் வரி இருக்கும். ஐஃபோனில் அது Settings பகுதிக்குள் இருக்கிறது. இன்னாருடைய உரையாடலில் குறித்தது மட்டும் போதும் என்றால், அந்த உரையாடலைத் திறந்து, உச்சியில் உள்ள பெயரைத் தொட்டு, கீழே நகர்த்தி அதே வரியைத் தேடுங்கள். பட்டியலில் ஒரு செய்தியைத் தொட்டால் உரையாடலில் அது இருந்த இடத்துக்கே கொண்டுபோய் விடும். முன்னும் பின்னும் என்ன பேசினோம் என்பதைப் பார்க்க அது உதவும்.

நட்சத்திரத்தைப் பெட்டகம் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு அடையாளம்தான், செய்தியை நகல் எடுத்து வேறெங்கும் வைப்பதில்லை. அதனால் செய்தி போனால் நட்சத்திரமும் கூடவே போகும். போவதற்கு வழிகள் பல. அனுப்பியவர் ‘அனைவருக்கும் அழி’ என்று கொடுத்தால் உங்கள் நட்சத்திரம் தடுக்காது. அனுப்பிய பிறகு ஏறக்குறைய 60 மணி நேரம் வரை, அதாவது இரண்டரை நாள், அப்படி அழிக்க வாட்ஸ்அப் அனுமதிக்கிறது. அழித்ததற்கான ஒரு வரி மட்டும் மிஞ்சும், உள்ளே என்ன இருந்தது என்பது மிஞ்சாது. நீங்களே ஃபோனில் இடம் போதவில்லை என்று Clear chat கொடுக்கும்போது, நட்சத்திரம் இட்டவற்றையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் அதைப் படிக்காமல் ஒப்புக்கொள்பவர்கள் அதிகம். உரையாடலையே மொத்தமாக Delete செய்தால் எல்லாமே போய்விடும்.

ஆகவே பணம் சம்பந்தப்பட்ட செய்தி என்றால் நட்சத்திரத்தோடு நிறுத்தாமல், தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிடுங்கள். அடையாளம் தேடுவதற்கு, ஸ்கிரீன்ஷாட் காப்பதற்கு.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பார்க்கிற எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் இட்டால் அந்தப் பட்டியலும் இன்னொரு குப்பையாகிவிடும். வீட்டு வேட்டையில் தொகை, தேதி, முகவரி, வங்கிக் கணக்கு எண் ஆகியவை இருக்கிற செய்திகள் போதும். வேலை முடிந்ததும் பட்டியலுக்குள் போய் அழுத்திப் பிடித்து நட்சத்திரத்தை எடுத்துவிடலாம், செய்தி அப்படியே இருக்கும்.

மறையும் செய்திகளை இயக்குதல்

இப்போது எதிர்ப்பக்கம். தரகர் ஆதார் நகல் கேட்கிறார். அது அவருடைய உரையாடலில் ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டிய அவசியம் என்ன?

மறையும் செய்தி வசதி 2020 நவம்பரில் வந்தபோது 7 நாள் என்ற ஒரே கால அளவுதான் இருந்தது. 2021 டிசம்பரில் 24 மணி நேரமும் 90 நாளும் சேர்ந்தன. அந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, தரகரின் உரையாடலைத் திறந்து, மேலே அவர் பெயரைத் தொடுங்கள். வருகிற பக்கத்தில் கொஞ்சம் கீழே Disappearing messages என்ற வரி இருக்கும். அதைத் தொட்டு 24 hours என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு உரையாடலுக்குத் திரும்புங்கள். இயக்கியதைச் சொல்லும் ஒரு வரி நடுவில் தோன்றியிருக்கும், தரகருக்கும் அதே வரி போயிருக்கும். அவருடைய முகப்புப் படத்தின் ஓரத்தில் ஒரு சிறிய கடிகாரச் சின்னமும் வந்துவிடும்.

இதைச் செய்த பிறகுதான் நகலை அனுப்ப வேண்டும். வரிசை மாறினால் பயனில்லை, ஏனென்றால் இயக்கிய பிறகு அனுப்புகிற செய்திகளுக்கு மட்டுமே இது பொருந்தும். நேற்று அனுப்பிய நகல் நேற்றையது போலவே இருக்கும். அதை நீங்கள் கையால்தான் அழிக்க வேண்டும்.

கணக்கு அனுப்பிய நேரத்திலிருந்து ஓடுகிறது, படித்த நேரத்திலிருந்து அல்ல. புதன்கிழமை மாலை 4 மணிக்கு அனுப்பியது வியாழன் மாலை 4 மணிக்கு மறையும். இடையில் தரகர் வாட்ஸ்அப்பைத் திறக்கவே இல்லை என்றாலும் உரையாடலிலிருந்து போய்விடும். வெளியூர் போயிருக்கிற ஆளுக்கு 24 மணி நேரம் வைத்து அனுப்பினால் ‘வரவே இல்லையே’ என்று திரும்பக் கேட்பார். அவருக்கு 7 நாள் வையுங்கள்.

இந்த வசதியின் எல்லையை இங்கேயே பார்த்துவிட வேண்டும். தரகர் என்ன செய்வார்? நகலைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையின் எண்ணுக்கு அனுப்பி, கடைக் கணினியில் திறந்து, அச்செடுப்பார். அந்தக் கடையோடு அவர் வைத்திருக்கிற உரையாடலில் மறையும் வசதி இல்லையென்றால், அங்கே போன நகல் அங்கேயே இருக்கும். அதோடு, படங்கள் தானாக இறங்கும்படி ஃபோனை வைத்திருந்தால், உரையாடலில் மறைந்தாலும் ஃபோனின் படத்தொகுப்பில் அது தங்கிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் தடையில்லை. உங்கள் செய்தியை மேற்கோளாக வைத்து அவர் பதில் எழுதியிருந்தால், காலம் முடிந்த பிறகும் மேற்கோளில் அந்த வரி தெரியலாம். மறைவதற்கு முன் பேக்கப் எடுக்கப்பட்டிருந்தால் அதிலும் இருக்கும், ஆனால் அந்த பேக்கப்பை மீட்டெடுக்கும்போது அழிக்கப்பட்டுவிடும்.

ஆகவே மறையும் செய்தி என்பது நேர்மையான ஆளின் ஃபோனில் உங்கள் நகல் மறந்து கிடக்காமல் இருப்பதற்கு. நேர்மையற்ற ஆளிடமிருந்து அது காக்காது. ஆதாரைப் பொறுத்தவரை, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். தரகருக்கு அது போதும். புகைப்படமாக அனுப்புவதென்றால் இன்னொரு வழியும் உண்டு. படத்தைத் தேர்ந்தெடுத்ததும், எழுத்துப் பெட்டியின் ஓரத்தில் வட்டத்துக்குள் 1 என்ற எண் தெரியும். அதைத் தொட்டுவிட்டு அனுப்பினால் ஒருமுறைதான் திறக்க முடியும். அந்தப் படத்தை வேறொருவருக்கு அனுப்பவோ சேமிக்கவோ முடியாது. ஆனால் இன்னொரு ஃபோனின் கேமராவை நீட்டினால் அதுவும் தோற்றுவிடும். அச்செடுக்க வேண்டிய நகலுக்கும் இந்த வழி ஒத்துவராது.

நட்சத்திரமும் கடிகாரமும் மோதும் இடம்

புதியவர்கள் அதிகம் தவறுகிற இடம் இதுதான். உரிமையாளரின் அட்வான்ஸ் செய்திக்கு நட்சத்திரம் இட்டாயிற்று, இனி பயமில்லை என்று நினைப்பார்கள். அந்த உரையாடலில் மறையும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், நட்சத்திரம் செய்தியைக் காப்பாற்றாது.

‘நான் அங்கே இயக்கவே இல்லையே’ என்று கேட்கலாம். நீங்கள் இயக்க வேண்டிய அவசியமில்லை. இருவர் உரையாடலில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம், யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். அதோடு Settings பகுதியில் Privacy என்பதற்குள் Default message timer என்று ஒரு வரி இருக்கிறது. உரிமையாளர் எப்போதோ, வேறு யாருக்காகவோ, அதில் 7 நாள் என்று வைத்திருந்தால், அதற்குப் பிறகு அவரோடு தொடங்குகிற ஒவ்வொரு புதிய தனி உரையாடலும் பிறக்கும்போதே மறையும் உரையாடலாகத்தான் பிறக்கும். உங்களுடையதும் அப்படியே. அவருக்கே அது நினைவிருக்காது. அட்வான்ஸ் பற்றிய செய்தி எட்டாம் நாள் இருவர் ஃபோனிலும் இருக்காது. பதினோரு மாதம் கழித்து ‘பெயிண்டிங்குக்கு இரண்டு மாத வாடகை என்றுதானே சொன்னேன்’ என்று அவர் நிஜமாகவே நம்பிச் சொல்வார், காட்டுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

எனவே புது எண்ணோடு பணப் பேச்சு தொடங்குமுன், முகப்புப் படத்தின் ஓரத்தில் கடிகாரச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். உரையாடலின் உச்சிக்கு நகர்த்தினால் அதைச் சொல்லும் வரியும் இருக்கும். இருந்தால் மறைக்காமல் பேசிவிடுவது நல்லது: ‘சார், இந்தச் சாட்டில் மெசேஜ் தானாக அழிகிற மாதிரி இருக்கிறது. ஒப்பந்தம் முடியும்வரை ஆஃப் செய்துவிடுகிறேன்.’ பிறகு அதே Disappearing messages வரிக்குள் போய் Off கொடுங்கள். இங்கேயும் இனி வருவதற்கு மட்டும்தான் அது பொருந்தும். முன்னால் வந்தவை அவற்றுக்குக் குறித்த நேரத்தில் மறைந்தே தீரும். அதனால் நிறுத்தியதும், அதுவரை பேசி முடித்த தொகைகளை நீங்களே ஒரு செய்தியாகத் திரட்டி எழுதி அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை வாங்கிவிடுங்கள். அந்த இரண்டுக்கும் நட்சத்திரம் இடுங்கள்.

வசதியை நிறுத்த அவர் ஒப்பவில்லை என்றால் Keep என்ற வழி இருக்கிறது. மறையும் உரையாடலில் ஒரு செய்தியை அழுத்திப் பிடித்தால், புத்தக அடையாள நாடா போன்ற சின்னம் வரும். அதைத் தொட்டால் காலம் முடிந்தாலும் அந்தச் செய்தி உரையாடலிலேயே தங்கும். பெயரைத் தொட்டு உள்ளே போனால் தங்கவைத்தவை தனியே தெரியும். 2023 ஏப்ரலில் வந்த வசதி இது. கடைசி முடிவு செய்தியை அனுப்பியவருடையது. நீங்கள் தங்கவைத்தது அவருக்குத் தெரிவிக்கப்படும். அவர் வேண்டாம் என்று எடுத்துவிட்டால் உரிய நேரத்தில் அது மறைந்துவிடும். அடுத்தவருடைய செய்தி அவருடைய விருப்பப்படிதான் வாழ வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் நியாயம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 60,000 ரூபாய் கைமாறுகிற இடத்தில் அதை மட்டும் நம்பி இருக்கவும் மாட்டேன். தொகை ஒப்பந்தப் பத்திரத்தில் ஏறும்வரை ஸ்கிரீன்ஷாட் கையில் இருக்கட்டும்.

குழுக்களில் நடைமுறை சற்று வேறு. இயல்பாக உறுப்பினர் யாரும் மறையும் வசதியை இயக்கலாம். குழு நிர்வாகி அமைப்புகளை மாற்றும் உரிமையைத் தமக்கு மட்டும் என்று வைத்துவிட்டால் மற்றவர்களால் முடியாது. புது அடுக்ககத்தின் குடியிருப்போர் குழுவில் சேரும்போது இதையும் ஒருமுறை பாருங்கள். பராமரிப்புக் கட்டணக் கணக்கு 24 மணி நேரத்தில் மறைகிற குழுவாக இருந்தால், கணக்கைக் காகிதத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இணைய விளம்பரத்தில் படம் மட்டும் பார்த்த வீட்டுக்கு, நேரில் காட்டாமல், ‘டோக்கன் அட்வான்ஸ் போடுங்கள், வேறு ஆள் வந்துகொண்டிருக்கிறார்’ என்று அவசரப்படுத்துகிற எண் ஒன்று வரும். அந்த உரையாடலில் 24 மணி நேரக் கடிகாரம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், செய்திகள் மறைவதற்குள் எண், வங்கிக் கணக்கு அல்லது யுபிஐ முகவரி, தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள்.